மடி கட்டும் கொழுப்பு, ஈரல் எரிக்கும் கொழுப்பு

பர்கூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளிப் பக்கத்தில் கறவை மாட்டு வைத்தியம் பார்ப்பவர்களிடம் இரண்டு கேள்விகள் ஓயாமல் வரும். சொசைட்டியில் பாலின் கொழுப்பு இறங்கிவிட்டது, என்ன எண்ணெய் கொடுக்கலாம் என்பது ஒன்று. கன்று போட்ட மாட்டுக்கு மூன்றாவது வாரத்திலேயே கொழுப்பு ஏறிவிட்டது, தீவனம் நன்றாகப் பிடித்திருக்கிறது அல்லவா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. உடம்பில் கொழுப்பு என்பது ஓர் இருப்பு. போட்டால் ஏறும், எடுத்தால் இறங்கும். கட்டுவதும் கரைப்பதும் ஒரே வழியின் இரு திசைகள். இந்த நம்பிக்கை பாமரத்தனமானது அல்ல. 1950களின் தொடக்கத்தில் உலகின் தேர்ந்த உயிர்வேதியியலாளர்களும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார்கள். அது தவறு என்று நிறுவப்பட்ட விதமும், அந்தத் தவறு ஒரு கறவை மாட்டின் உடம்பில் எப்படி வெளிப்படுகிறது என்பதும்தான் இங்கே பேச்சு. முன்கூட்டியே ஒன்று: பர்கூர் மாடு என்று பேர்பெற்ற செம்மறை மாடு ஈரோடு மாவட்டத்து அந்தியூரை ஒட்டிய பர்கூர் மலையைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரின் கொட்டகைகளில் நிற்பவை பெரும்பாலும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள். இந்தக் கட்டுரையின் மாடு அந்தக் கலப்பினப் பசுதான்.

எரிக்கும் வழிதான் முதலில் தெரியவந்தது. ஜெர்மானியர் ஃபிரான்ஸ் க்னூப் 1904-ல், கொழுப்பு அமிலங்களின் வால்முனையில் பென்சீன் வளையத்தை அடையாளமாக ஒட்டி நாய்களுக்குக் கொடுத்து, சிறுநீரில் என்ன வெளியேறுகிறது என்று பார்த்தார். சங்கிலியின் கார்பன் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு பொருளும், இரட்டைப்படையாக இருந்தால் இன்னொன்றும் வந்தன. அப்படியானால் சங்கிலி ஒவ்வொரு முறையும் இரண்டு கார்பனாகத்தான் வெட்டுப்படுகிறது. வெட்டு விழுவது அமிலமுனையிலிருந்து எண்ணினால் பீட்டா என்று பெயரிட்ட கார்பனில். பீட்டா ஆக்சிகரணம் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1949-ல் கென்னடியும் லேனிங்கரும் இது நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா என்று காட்டினார்கள். வேலை நான்கு படிகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது: ஹைட்ரஜனை எடுப்பது, நீரைச் சேர்ப்பது, மறுபடி ஹைட்ரஜனை எடுப்பது, கடைசியில் இரண்டு கார்பன் துண்டை அசிட்டைல் கோ-ஏ-ஆக அறுத்து விடுவது. பதினாறு கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் ஏழு சுற்றில் எட்டு அசிட்டைல் கோ-ஏ ஆகும். அவையும் முழுக்க எரிந்தால், இன்றைய கணக்கில் ஒரு மூலக்கூறுக்கு நிகரமாக 106 ஏ.டி.பி. கிடைக்கும்.

நான்கு படியும் தெரிந்த பின், கட்டும் வழி இதன் தலைகீழ்தான் என்று ஊகிப்பது இயல்பு. கொழுப்பில் இருப்பவை பெரும்பாலும் இரட்டைப்படைச் சங்கிலிகள்; அசிட்டேட்டைக் கொடுத்தால் அதன் கார்பன் கொழுப்பில் சேர்வதும் தெரிந்திருந்தது. ஆனால் தலைகீழாக ஓட்டிப் பார்த்தவர்களுக்குக் கடைசிப் படி இடித்தது. இரண்டு அசிட்டைல் கோ-ஏ-க்களை ஒட்டவைக்கும் வினையின் சமநிலை உடைக்கும் பக்கமே பலமாகச் சாய்ந்திருக்கிறது, ஒட்டினாலும் நிற்பதில்லை. இன்னொரு இடறல் இடத்தைப் பற்றியது. புறாவின் ஈரலை அரைத்து, மைட்டோகாண்ட்ரியாவைச் சுழற்றி நீக்கிவிட்டு, எஞ்சிய தெளிந்த சாறு மட்டுமே கொழுப்பு அமிலத்தைக் கட்டியது. எரிக்கும் நொதிகள் இருக்கும் பாத்திரமே அங்கே இல்லை. செல்லின் அந்தச் சாற்றுப் பகுதியைத்தான் சைட்டோசால் என்கிறோம். பறவையின் ஈரலைத் தேர்ந்தது நல்ல தேர்வு. பறவைகள் கொழுப்பு அமிலத்தைப் பெரும்பாலும் ஈரலில் கட்டுகின்றன. ஓசூர்ப் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில் முட்டைக் கோழிக்கு ஈரல் கொழுத்து நோய் வருவது இதனால்தான். அதே சோதனையை மாட்டு ஈரலில் செய்திருந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைத்திருக்காது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் சாலிஹ் வாகில் குழுவினர் இந்தச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சேர்த்தபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. பைகார்பனேட் இல்லாவிட்டால் கொழுப்பு உருவாகவில்லை. சரி, பைகார்பனேட்டின் கார்பன் கொழுப்புக்குள் போகிறது போலும் என்று கதிரியக்க அடையாளமிட்ட பைகார்பனேட்டைக் கொடுத்துப் பார்த்தால், உருவான கொழுப்பில் அந்த அடையாளம் இல்லை. தேவைப்படுகிறது, ஆனால் சேர்வதில்லை. உள்ளே போய் வெளியே வந்திருந்தால் மட்டுமே இது சாத்தியம். பயோட்டின் தாங்கிய ஒரு நொதி, ஏ.டி.பி.யைச் செலவழித்து, அசிட்டைல் கோ-ஏ-வின் மேல் ஒரு கார்பன் டை ஆக்சைடை ஏற்றி மூன்று கார்பன் கொண்ட மலோனைல் கோ-ஏ-வை ஆக்குகிறது என்பது 1958-ல் தெளிவானது. அந்த மலோனைல் வளரும் சங்கிலியோடு ஒட்டும் கணத்தில் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு கழன்றுவிடுகிறது. சங்கிலியில் தங்குவது இரண்டு கார்பன்தான். பின்னோக்கிச் சாய்ந்து கிடந்த அந்த ஒட்டும் வினையை முன்னோக்கித் தள்ளுவது இந்தக் கழற்சி. வாயு வெளியேறிய பின் வினை திரும்ப வழியில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஏற்றி உடனே இறக்குவதற்கு ஏ.டி.பி. செலவழிப்பது வீண்தானே? ஒரு பால்மிட்டிக் அமிலத்துக்கு ஏழு மலோனைல், அதற்கு ஏழு ஏ.டி.பி.; கூடவே பதினான்கு என்.ஏ.டி.பி.எச். என்ற ஹைட்ரஜன் கொடையாளி. செலவு செலவுதான். ஆனால் அது வாங்கித் தருவதைப் பார்க்க வேண்டும். ஒரே வழி இரு திசையிலும் ஓடுமானால், எது எப்போது எவ்வளவு ஓடும் என்பதைச் சரக்கின் குவிப்பு மட்டுமே தீர்மானிக்கும். உடம்புக்கு அதில் பிடிமானம் இருக்காது. வழி இரண்டாகப் பிரிந்ததால் ஒவ்வொன்றிலும் தனித்தனித் தாழ்ப்பாள் போட முடிகிறது. எரிக்கும் வழி என்.ஏ.டி.க்கும் எஃப்.ஏ.டி.க்கும் ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. கட்டும் வழி என்.ஏ.டி.பி.எச்.சிடமிருந்து வாங்குகிறது. எரியும்போது சங்கிலி கோ-ஏ-வின் மேல் தொங்குகிறது. கட்டும்போது கொழுப்பமில சிந்தேஸ் என்ற பெருநொதியின் நீண்ட கையில் பிடிபட்டு, முடியும்வரை இறங்குவதில்லை. நடுவில் வரும் ஹைட்ராக்சி இடைநிலைகூட எரியும் வழியில் எல் வடிவம், கட்டும் வழியில் டி வடிவம். ஒன்றை மற்றதன் நொதி ஏற்காது. தாளில் எழுதினால் கண்ணாடிப் பிம்பம் போலத் தெரியும் நான்கு படிகளும், செய்யும் நொதி, இடம், நாணயம் எல்லாவற்றிலும் வேறு.

இப்போது மாட்டுக்கு வருவோம். பாடப்புத்தகத்தின் படம் எலிக்கும் மனிதனுக்கும் வரைந்தது. அதில் சர்க்கரை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அசிட்டைல் கோ-ஏ ஆகும். அது சுவரைத் தாண்ட முடியாமல் சிட்ரேட் உருவில் வெளியே வந்து, சைட்டோசாலில் மீண்டும் உடைந்து அசிட்டைல் கோ-ஏ-வைத் தரும். மாடு இந்தச் சுற்றை ஏறக்குறைய விட்டுவிட்டது. சிட்ரேட்டை உடைக்கும் நொதி அதன் மடியில் மிகக் குறைவு. குளுக்கோஸின் கார்பன் பால்கொழுப்பாவதில்லை என்றே சொல்லலாம். கேழ்வரகுத் தாளும் சோளத்தட்டும் பெருவயிற்றில் நுண்ணுயிர்களால் புளித்து அசிட்டிக் அமிலமாகின்றன. அது ரத்தத்தில் மடிக்கு வந்து, சைட்டோசாலிலேயே நேராக அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. 1951-ல் பாப்யாக், ஃபிரெஞ்ச், ஃபாலி ஆகியோர் கறவை ஆட்டுக்கு அடையாளமிட்ட அசிட்டேட்டைக் கொடுத்து அது பால்கொழுப்பில் சேர்வதைக் காட்டியிருந்தார்கள். குளுக்கோஸ் தேவையில்லை என்பதல்ல. பால்சர்க்கரைக்கும், கட்டும் வேலைக்கான என்.ஏ.டி.பி.எச்.சின் ஒரு பங்குக்கும், கொழுப்பின் முதுகெலும்பான கிளிசராலுக்கும் அதுதான் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அளவு தெரியும். நாளுக்கு 12 லிட்டர், 4 சதவீதக் கொழுப்பு என்றால் சுமார் அரை கிலோ கொழுப்பு. பால்கொழுப்பில் நான்கு முதல் பதினான்கு கார்பன் வரையுள்ள அமிலங்கள் ஏறக்குறைய முழுவதும், பதினாறு கார்பன் அமிலத்தில் பாதியளவும் மடியே கட்டியவை. பதினெட்டு கார்பன் அமிலங்கள் ரத்தத்திலிருந்து வந்தவை. எடைக்கணக்கில் மடியின் பங்கை ஐந்தில் இரண்டு என்று வைத்துக்கொண்டால் 200 கிராம். எல்லாம் பால்மிட்டிக் அமிலம் என்று எளிமைப்படுத்தினால், ஒவ்வொரு 256 கிராமுக்கும் 480 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும். ஆக 200 கிராமுக்குச் சுமார் 375 கிராம். அந்த அசிட்டேட் ஒவ்வொன்றையும் கோ-ஏ-வோடு பூட்டவே இரண்டு ஏ.டி.பி.க்கு இணையான செலவு. எட்டுக்குப் பதினாறு, மலோனைலுக்கு ஏழு, மொத்தம் இருபத்து மூன்று. புத்தகத்தின் ஏழு என்ற எண்ணை அப்படியே மாட்டுக்குப் பொருத்தினால் கணக்கு உதைக்கும்.

இதிலிருந்து ஊர்ப்பக்கத்து முடிவு ஒன்று எளிதாகப் பிறக்கும்: தட்டு கூடினால் அசிட்டிக் அமிலம் கூடும், கொழுப்பு கூடும், மக்காச்சோள மாவும் மரவள்ளித் திப்பியும் கூடினால் புரோப்பியோனிக் அமிலம் கூடி, அசிட்டிக் பங்கு குறைந்து, கொழுப்பு இறங்கும். நடைமுறையில் இது பலிக்கிறது. காரணம்தான் வேறு. அசிட்டேட் பஞ்சமே காரணம் என்ற கருத்து நெடுநாள் இருந்தது. கொழுப்பு இறங்கிய மாடுகளுக்கு அசிட்டேட்டைச் செலுத்திப் பார்த்தபோது கொழுப்பு சிறிதளவே ஏறியது. உண்மையில் திப்பியும் மாவும் மிஞ்சி, தட்டு குறைந்து, பெருவயிறு புளிப்பேறும்போது, தீவன எண்ணெயை நிறைவுறச் செய்யும் நுண்ணுயிர்களின் வழி மாறுகிறது. டிரான்ஸ்-10, சிஸ்-12 என்ற அமைப்புள்ள லினோலெயிக் அமிலம் தப்பி ரத்தத்துக்கு வருகிறது. 2000-த்தில் வெளியான ஆய்வில் நாளுக்கு 10 கிராம் அளவில் அதைப் பெருவயிற்றைத் தாண்டிச் செலுத்தியபோது சில நாட்களிலேயே பால்கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அது அசிட்டேட்டைத் தடுப்பதில்லை. மலோனைலை ஆக்கும் நொதியையும் சிந்தேஸையும் உற்பத்தி செய்யும் மரபணுக்களையே அடக்குகிறது. சரக்கு வந்து நிற்க, கட்டுபவர் இல்லாத நிலை. ஆகவே கொழுப்பு இறங்கிய மாட்டுக்கு எண்ணெய் ஊற்றுவது, இறக்கிய பொருளின் மூலப்பொருளையே இன்னும் ஊற்றுவதாகிவிடக்கூடும். மிதமான பருத்திக்கொட்டை சில மாடுகளில் கொழுப்புச் சதவீதத்தைக் கூட்டுவது உண்மை. பெருவயிறு சீராக இருந்து, ரத்தத்து வழியில் நீண்ட அமிலங்கள் நேராகப் பாலில் சேரும்போது மட்டும் அப்படி. நெய்யில் இது பதிவாகிறது. ஆவியாகும் குறுஞ்சங்கிலி அமிலங்களை அளக்கும் ரைக்கர்ட்–மைசல் எண், நெய்க்குப் பொதுவாக 28-க்குக் குறையக் கூடாது என்று வைத்திருந்த காலத்திலேயே, பருத்திக்கொட்டை தின்னும் மாடுகள் உள்ள பகுதிகளுக்கு அதைவிடக் குறைந்த அளவைச் சட்டம் ஏற்றது. ஒரு கலப்படமும் இல்லாத நெய்தான். மடி கட்டிய பங்கு அதில் குறைவு, வந்து சேர்ந்த பங்கு அதிகம்.

இனி இரண்டாவது கேள்வி. கன்று போட்ட பின் பால் வேகமாக ஏறுகிறது, தீனி அதே வேகத்தில் ஏறுவதில்லை. மாடு தன் சதையிலும் சேமக் கொழுப்பிலும் கைவைக்கிறது. ரத்தத்தில் நீண்ட கொழுப்பு அமிலங்கள் பெருகுகின்றன. அவற்றில் ஒரு பகுதி நேராக மடிக்குப் போய்ப் பாலில் ஏறுகிறது. சொசைட்டியில் கொழுப்பு கூடித் தெரிவது பெரும்பாலும் இதனால். அதே அமிலங்கள் மடியில் மலோனைலை ஆக்கும் நொதியைத் தடுக்கவும் செய்கின்றன. எனவே இந்தப் பாலைப் பிரித்துப் பார்த்தால் ஆறு முதல் பதினான்கு கார்பன் வரையுள்ளவை குறைந்து, பதினெட்டு கார்பன் ஓலெயிக் அமிலம் கூடியிருக்கும். சதவீதம் ஒன்றே, இருப்பு வேறு. மாடு தன்னைத் தானே கறந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஈரலில் நடப்பது இன்னும் முக்கியம். நீண்ட அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக கார்னிடைன் என்ற துணையும், வாசலில் ஒரு நொதியும் வேண்டும். 1977-ல் மெக்காரியும் அவரது சகாக்களும் அந்த வாசல் நொதியை மலோனைல் கோ-ஏ தடுக்கிறது என்று கண்டார்கள். கட்டும் வழியின் முதல் சரக்கே எரிக்கும் வழியின் தாழ்ப்பாள். ஒரே வழியாக இருந்திருந்தால் இப்படி ஒரு கட்டுப்பாடு சாத்தியமே இல்லை. இங்கே கூர்மையான வாசகர் கேட்பார்: மாட்டின் ஈரல் கொழுப்பு அமிலத்தைக் கிட்டத்தட்ட கட்டுவதே இல்லை என்றீர்களே, அங்கே மலோனைலுக்கு என்ன வேலை? பதில் அந்தத் தாழ்ப்பாள்தான். கட்டாத ஈரலிலும் சிறிதளவு மலோனைல் ஆக்கப்படுகிறது. அது சரக்காக அல்ல, சமிக்ஞையாக. தீனி குறைந்து, புரோப்பியோனிக் அமிலமும் இன்சுலினும் தாழ்ந்தால் அந்தச் சிறிதளவும் வற்றி வாசல் திறந்துவிடுகிறது. அமிலங்கள் உள்ளே பாய்ந்து அசிட்டைல் கோ-ஏ குவிகிறது. அதை எரிக்கத் தேவையான ஆக்ஸலோஅசிட்டேட்டை ஈரல் குளுக்கோஸ் செய்ய எடுத்துக்கொண்டிருக்கிறது. மிஞ்சிய அசிட்டைல் கீட்டோன்களாகிறது. எரிக்க முடியாத மிச்சம் ஈரலிலேயே கொழுப்பாகப் படிகிறது. இதுதான் கீட்டோசிஸ்.

அறிவது எப்படி? மாடு தவிட்டையும் புண்ணாக்கையும் ஒதுக்கிவிட்டுத் தட்டை மட்டும் கொறிக்கும், முதுகு வற்றும், பாலின் அளவு இறங்கும், கொழுப்பு மட்டும் ஏறி நிற்கும். மூச்சில் அசிட்டோன் நெடி சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. மூக்கை நம்பக் கூடாது. ரோத்தெரா சோதனையில் ஊதா நிறம் வரும். சிறுநீரைவிடப் பாலில் வந்தால்தான் கூடுதல் பொருள், ஏனெனில் நல்ல மாட்டின் சிறுநீரிலும் கன்று போட்ட புதிதில் லேசாக நிறம் காட்டுவதுண்டு. அந்தச் சோதனை அசிட்டோஅசிட்டேட்டையும் அசிட்டோனையும் மட்டுமே காட்டும். ரத்தத்தில் அதிகமாக இருப்பது பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட். அதற்குக் கையடக்கக் கருவி உண்டு, லிட்டருக்கு 1.2 மில்லிமோல் தாண்டினால் வெளியே தெரியாத கீட்டோசிஸ் என்று கொள்ளலாம். ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனைக்கு முன் சொசைட்டிச் சீட்டிலேயே ஒரு துப்பு உண்டு: கொழுப்பு புரதத்தைப்போல் ஒன்றரை மடங்கை நெருங்கினால் சந்தேகிக்கலாம். சீட்டில் புரதம் வராது என்றால், மற்ற திடப்பொருள் இறங்கிக் கொழுப்பு ஏறுவதையாவது கவனிக்கலாம். வைத்தியமாகச் சிரையில் 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி கொடுத்தால் போவது 250 கிராம் குளுக்கோஸ்தான். பால்சர்க்கரைக்கே நாளுக்கு அதைவிட அதிகம் செலவாகும் மாட்டுக்கு அது எரிபொருளாகப் போதாது. ஆனால் இன்சுலின் எழும்பி, சேமக் கொழுப்பு கரைவது தணிந்து, ஈரலின் வாசல் மூட ஆரம்பிக்கிறது. சில மணி நேரத்தில் பலன் வடிந்துவிடுவதால், புரோப்பிலீன் கிளைக்காலை வாய்வழியாகச் சில நாள் தொடர வேண்டும்.

என் வாதத்துக்கு எதிரான பலமான சான்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தலைகீழ் வழி அடியோடு இல்லை என்பது உண்மையல்ல. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அமிலங்களை நீட்டும் ஒரு சிறு வழி, ஏறக்குறைய பீட்டா ஆக்சிகரணத்தின் நொதிகளையே திருப்பி ஓட்டுகிறது. அதன் கடைசிப் படிக்கு மட்டும் வேறு நொதி. 2011-ல் பாக்டீரியாவில் பொறியியல் செய்து இந்த வழியைத் திருப்பி ஓட்டியும் காட்டினார்கள். மடியிலேயே இன்னொரு விலக்கு: முதல் நான்கு கார்பன்களில் பாதியளவு ரத்தத்து பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டிலிருந்து நேராக வருகிறது, இந்த நான்கு கார்பன் துண்டு மலோனைல் இல்லாமலே மடிச் சாற்றில் உருவாகலாம் என்று 1960களின் கடைசியில் காட்டிய ஆய்வுகளும் உண்டு. மடியின் இந்த விலக்கு ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. நான்கு கார்பனைத் தாண்டி ஆறுக்கு, எட்டுக்கு, பதினாறுக்குப் போக மடிக்கு மலோனைல் தவிர வேறு கைப்பிடி இல்லை. அதனால்தான் கீட்டோசிஸ் மாட்டின் பாலில் பியூட்டிரிக் அமிலம் பெரிதாகக் குறையாமல் இருந்து, அதற்கு மேற்பட்ட குறுஞ்சங்கிலிகள் சரிகின்றன. விலக்கே விதியின் விளிம்பைக் கோடிட்டுக் காட்டுகிறது.

சொசைட்டியின் பால் பரிசோதனைக் கருவியோ, பழைய கெர்பர் குழாயோ இந்த இரண்டு கொழுப்பையும் பிரித்துச் சொல்லாது. கந்தக அமிலத்தில் புரதம் கரைந்த பின் மேலே மிதப்பது எல்லாம் அதற்கு ஒன்றே. எனவே சதவீதத்தை மட்டும் கேட்காமல் மூன்றைச் சேர்த்துக் கேட்பது என் பழக்கம்: நாள் முழுவதும் எத்தனை லிட்டர், கன்று போட்டு எத்தனை நாள், மாடு எதை ஒதுக்குகிறது. லிட்டரும் நன்றாக இருந்து கொழுப்பு 3-க்குக் கீழே என்றால் திப்பியைக் குறைத்துத் தட்டை நீளமாக நறுக்கிப் போடச் சொல்லி, பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம். அடங்கிய மரபணுக்கள் மீள அவ்வளவு நாள் பிடிக்கும். லிட்டர் இறங்கி, கன்று போட்டு மூன்று வாரமாகி, கொழுப்பு 5-ஐத் தாண்டினால் பொறுப்பதற்கு ஒன்றுமில்லை; அன்றைக்கே ரத்தத்தையோ பாலையோ சோதிக்க வேண்டும்.